உயிர் போச்சு, மெய் மட்டும் பாக்கி!

போன வருஷம் என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பயப்படும்படி ஒன்றுமில்லை, நாலு சின்ன ஓட்டை போட்டுக் காமிரா விட்டு எடுத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா மயிலாப்பூரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி அடையாறில். அடியேன் வாசம் தி. நகரில். ஆக, மூன்று பேட்டைகளையும் இணைக்கும் ஒரே பாலம் அக்காவின் செல்போன்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஏ. தமிழ் இலக்கியம். கல்லூரியில் வெண்பாப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் வாங்கியவள். அப்பேர்ப்பட்டவள் போனைக் கையில் எடுத்தால் மட்டும் உயிரெழுத்துகளை ரேஷனில் அளப்பது போல அளந்து போடுவாள். முதலில் சொந்தபந்தங்களுக்குச் செய்தி அனுப்பினாள். அதை அப்படியே கீழே தருகிறேன்.

amaku kal op wed

"அம்மாவுக்குக் கல் ஆபரேஷன், புதன்கிழமை" என்பது அவள் உத்தேசம். தாம்பரம் சித்தப்பா இதை "கால் ஆபரேஷன்" என்று படித்தார். படித்ததோடு நிற்காமல், செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு கால் உள்ள ஒரு அலுமினிய ஊன்றுகோலும், முழங்காலுக்கு ஒரு பாட்டில் தைலமுமாக வந்து இறங்கினார். அம்மா வாசலுக்கு நடந்து வந்து, "வாங்கோ, ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டேள்?" என்று கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை என்னென்பது! அந்தக் கோல் இன்னமும் அக்கா வீட்டுப் பரணில் இருக்கிறது.

இது வரைக்கும் தமாஷ்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். நான் முன்னாடியே போய் அட்வான்ஸ் கட்டி, இன்ஷூரன்ஸ் பேப்பரையெல்லாம் கொடுத்து ரூம் எடுப்பது, அக்கா அம்மாவை ஆட்டோவில் அழைத்து வருவது என்று ஏற்பாடு. ராத்திரியிலிருந்து வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. காலையில் பி.பி. மாத்திரை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். இதை டாக்டரே எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

ஏழு பத்துக்கு நான் கவுண்டரில் நின்று பூர்த்தி செய்துகொண்டிருந்தபோது போன் 'டிங்' என்றது. அக்கா.

ama mrnthu sptanga dr kta slu

நீங்கள் இதை எப்படிப் படிப்பீர்கள்? நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "அம்மா மருந்து சாப்ட்டாங்க, டாக்டர்கிட்ட சொல்லு." நல்ல பொறுப்பான அக்கா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு ok என்று பதில் போட்டேன். அங்கே இருந்த டியூட்டி டாக்டர் ஒரிஸ்ஸா பக்கத்துப் பிள்ளை, தமிழ் தெரியாது. அவரிடம் என் பி.காம். இங்கிலீஷில், மதர் ஹாஸ் டேக்கன் மெடிசின், என்று தெளிவாகச் சொன்னேன். அவரும் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டார். மொழிபெயர்ப்பில் ஒரு சின்னப் பிசகு கிடையாது. மருந்து என்றால் மெடிசின்தானே?

எட்டேகால் மணிக்கு அம்மா வந்து படுத்தாயிற்று. பச்சை கவுன் மாட்டியாயிற்று. ஒரு சிஸ்டர் வந்தார். முப்பது வயசு இருக்கலாம், அதற்குள் மூவாயிரம் அம்மாக்களைப் பார்த்த முகம்.

"பாட்டி, கடைசியா எப்ப, என்ன சாப்ட்டீங்க?"

"ஆறரைக்கு. ரெண்டு இட்லி. சட்னில காரம் கொஞ்சம் ஜாஸ்தி. அப்புறம் அரை டம்ளர் காப்பி."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏண்டா, நான்தான் மெசேஜ் போட்டேனே! அம்மா மறந்து சாப்ட்டாங்க, டாக்டர்கிட்ட சொல்லுன்னு! நீகூட ஓகேன்னு போட்டியே!"

மறந்து! மருந்து இல்லை, மறந்து! முப்பது வருஷப் பழக்கம், ஆறரை மணிக்குக் கை தானாகச் சமையலறைக்குப் போயிருக்கிறது. அக்கா குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் நடந்துவிட்டது. "போன் பண்ணித் தொலைச்சிருக்கலாமே?" என்று பல்லைக் கடித்தேன். "ஆட்டோல அம்மா பக்கத்துல உக்காந்துண்டு, தப்பு நடந்துடுத்துன்னு உன்கிட்ட கத்தச் சொல்றியா? பி.பி. ஏறிடாதா?" அதுவும் நியாயம்தான்.

இட்லிக்கும் பித்தப்பைக்கும் என்ன விரோதம் என்று கேட்பவர்களுக்கு: விரோதம் மயக்க மருந்தோடு. நாம் விழித்திருக்கும்போது சாப்பாடு வயிற்றிலிருந்து மேலே எதுக்களித்தால் இருமித் தள்ளிவிடுவோம். மயக்கத்தில் அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுவான். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் விஷயம் விபரீதம், சில சமயம் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இட்லி மாதிரி லேசான பலகாரத்துக்கே ஆறு மணி நேரம் இடைவெளி கேட்கிறார்கள். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். காப்பியில் பால் இருப்பதால் அது தண்ணீர்க் கணக்கில் வராது, இட்லிக் கணக்கில்தான் வரும்.

ஆபரேஷன் மத்தியானம் மூன்று மணிக்குத் தள்ளிப் போயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மூன்று கற்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதை நவராத்திரிக்குக் கொலுவில் வைக்காத குறைதான்.

ஆனால் அந்த மூன்று மணி வரை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, mrnthu என்ற அந்த ஆறு எழுத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

அந்த ஆறு எழுத்துக்குள் என்னென்ன தமிழ் வார்த்தை ஒளிந்திருக்கலாம்? மருந்து, மறந்து, முறிந்து. எனக்கு மூன்று கிடைத்தது. 'முறிந்து சாப்பிட்டாள்' என்பது அர்த்தமில்லாததால் தள்ளிவிடலாம். மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் என்னவென்று பாருங்கள். ஒன்றில் 'ரு', இன்னொன்றில் 'ற'. அதாவது சின்ன ர, பெரிய ற என்று ஒரு வித்தியாசம், உ, அ என்று இன்னொரு வித்தியாசம். முதல் வித்தியாசம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதும்போதே காலி, ஏனென்றால் இரண்டுக்கும் r ஒன்றுதான். பாக்கி இருந்த ஒரே சாட்சி அந்த உயிரெழுத்து. அதை அக்கா சிக்கனம் பண்ணிவிட்டாள்.

இங்கிலீஷ்காரன் pls cm hm என்று எழுதினால் தப்பாக ஒன்றும் ஆகிவிடுவதில்லையே, நமக்கு மட்டும் ஏன் இந்த அவஸ்தை? கணக்குப் பிள்ளை புத்தியோடு ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தேன். தமிழில் மெய்யெழுத்து 18. அவசரத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டும்போது ல, ள, ழ மூன்றும் l ஆகிவிடுகிறது. ந, ன, ண மூன்றும் n. ர, ற இரண்டும் r. ங, ஞ தனியாக நிற்பதில்லை, அவையும் n தலையில் விழுகின்றன. பதினெட்டில் தேறுவது பதினொன்று. ட, த இரண்டுக்கும் வெறும் t போடுகிற ஆசாமிகளுக்குப் பத்து. மெய் ஏற்கெனவே பாதியாக இளைத்துப்போய் நிற்கும்போது உயிரையும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

அதைவிடப் பெரிய வினை, தமிழில் யார் செய்தது, செய்ததா செய்யாததா என்கிற சங்கதியெல்லாம் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அந்த வாலில் பல சமயம் ஒரே ஒரு உயிர்தான் வேலை பார்க்கிறது. வந்தேன், வந்தான்: ஏ இருந்தால் நான், ஆ இருந்தால் அவன். vnthn என்று எழுதினால் இரண்டு பேரும் ஒரே ஆள். உங்கள் ஆபீஸில் பெட்டி கேஷில் இரண்டாயிரம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக ஊழியர் 2000 edthn என்று மெசேஜ் போடுகிறார். எடுத்தேன் என்றால் வாக்குமூலம். எடுத்தான் என்றால் கோள்மூட்டல். நடுவில் இருப்பது ஒரு உயிரெழுத்தும், ஒரு மனுஷனின் வேலையும்!

இதில் என் சிநேகிதன் ஒருவன் பட்ட பாடு தனிக் கதை. உஸ்மான் ரோடு பக்கம் ஒரு ஏஜென்ஸியில் கணக்கு பார்க்கிறான். ஈரோட்டில் வசூலுக்குப் போன பையன் ராத்திரி ஒரு மெசேஜ் அனுப்பினான்: party payment nalaiku vrthu. முதலாளிக்குத் தமிழ் பேச்சு வரும், இந்த வாட்ஸ்அப் தமிழ் வராது. "என்னய்யா எழுதியிருக்கான்? இங்கிலீஷ்ல மெயில் போடு" என்றார். சிநேகிதன், பேமெண்ட் நாளை வருகிறது, என்று இலக்கண சுத்தமாக மொழிபெயர்த்து அனுப்பினான். முதலாளி அதை நம்பி வேறொருவருக்குக் காலையில் செக் கொடுத்துவிட்டார்.

பையன் சொன்னது 'வராது'!

வருது என்றால் varuthu. வராது என்றால் varathu. ஒரு u, ஒரு a. பணம் உண்டு, பணம் இல்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு பாலன்ஸ் ஷீட்டை யாராலும் எழுத முடியாது. செக் திரும்பி வந்தது. காமர்ஸ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு. செக் திரும்பிய தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் எதிராளி நோட்டீஸ் விட வேண்டும், நோட்டீஸ் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் நாம் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கோர்ட்டு. முதலாளி பதினோராவது நாள் நகையை வைத்துக் கட்டினார். சிநேகிதனிடம் பத்து நாள் பேசவில்லை. "நான் மொழிபெயர்த்ததுல என்னடா தப்பு?" என்று என்னிடம் வந்து புலம்பினான். தப்பே இல்லை. மூலத்திலேயே மூலம்!

* * *

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது? தந்தி காலத்திலும் நம் ஜனங்கள் சிக்கனம் பிடித்தார்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திக்கே விடை கொடுத்துவிட்டார்கள். ஆனால் தந்தியில் காசு வார்த்தைக்கு. அதனால் வார்த்தைகளை வெட்டினார்களே தவிர, இருந்த வார்த்தையில் எழுத்தை வெட்டவில்லை, வெட்டி லாபமில்லை. எஸ்.எம்.எஸ். வந்தபோதுதான் கணக்கு எழுத்துக்கு மாறியது. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 1,120 பிட். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், ஆகவே 160 எழுத்து. தமிழ் எழுத்துக்கு 16 பிட் வேண்டும், ஆகவே 70 தான். அந்த எழுபதிலும் கொம்பு, சுழி, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி டிக்கெட். 'மருந்து' என்று தமிழில் தட்டினால் நம் கண்ணுக்கு நாலு எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் ஏழு, அதாவது 112 பிட். அக்காவின் mrnthu வெறும் 42 பிட். ஒரு ரூபாய்க்கு ஒரு மெசேஜ் அனுப்பிய காலத்தில் அக்கா செய்தது புத்திசாலித்தனம். வாட்ஸ்அப்பில் இன்றைக்கு எழுத்துக்குக் காசில்லை. ஆனால் கஷ்டகாலத்தில் காப்பிப்பொடியில் சிக்கரி கலந்து பழகியவர்கள் பணம் வந்த பிறகும் அந்த ருசியை விடுகிறார்களா?

சரி, முழுசாக உயிரெழுத்தெல்லாம் போட்டு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இன்னொரு ஆசாமி குறுக்கே வருகிறார். தானாகவே திருத்துகிறேன் பேர்வழி என்று போனுக்குள் குடியிருக்கிறாரே, அவர். பெயர் ஆட்டோகரெக்ட். அவருக்குத் தெரிந்தது இங்கிலீஷ் அகராதி. நீங்கள் தட்டியது அதில் இல்லாவிட்டால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துப் போடுவார்.

'பக்கத்தில்' என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1964-ல் ஐ.பி.எம். கம்பெனியில் டேமரோ என்பவர் எழுத்துப் பிழைகளை ஆராய்ந்து, நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நாலே வகைதான் என்று கண்டுபிடித்தார். ஒரு எழுத்து விட்டுப்போவது, ஒரு எழுத்து கூடுதலாக நுழைவது, ஒன்றுக்குப் பதில் வேறொன்று, அடுத்தடுத்த இரண்டு எழுத்து இடம் மாறுவது. இந்த நாலில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் அகராதியில் உள்ள வார்த்தை கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் திருத்துகிற வேலையின் அடிப்படை. பிரமாதமான யோசனை. என்ன, அகராதி இங்கிலீஷ், மனுஷன் தமிழ்!

என் போனில் நடந்தவை மட்டும் சொல்கிறேன். amma என்று தட்டினேன். முதல் இரண்டு எழுத்தை இடம் மாற்றினால் mama. அம்மாவை மாமா ஆக்கிவிட்டது! சிநேகிதனை dei என்று செல்லமாகக் கூப்பிட்டேன், கடைசி இரண்டும் இடம் மாறி die என்று போயிற்று. 'டேய்' என்று அழைக்கப் போய் 'செத்துப் போ' என்று ஆசீர்வாதம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாடவீதியில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், ஆத்துக்காரரை 'ஏன்னா' என்று கூப்பிடும் அந்தக் காலத்து மனுஷி, enna வரும்போது தயிர் வாங்கிண்டு வாங்கோ என்று அனுப்பியிருக்கிறார். போனார் ஒரே ஒரு e-யை எடுத்துவிட்டு a போட்டு Anna என்று திருத்திவிட்டார். நாற்பது வருஷத் தாம்பத்தியம், ஒரே நிமிஷத்தில் புருஷன் அண்ணனாகிவிட்டார். மாமா தயிர் வாங்கிக்கொண்டுதான் வந்தார். ஆனால் முகம் சரியில்லை.

உயிரை விட்டுவிடுவதை விட இந்த இரண்டாவது வகை எனக்கு அதிகப் பயம். mrnthu என்று பார்த்தால் இது கோணல் எழுத்து, நாமாகத்தான் நிரப்பிக்கொள்கிறோம் என்று ஒரு மூலையிலாவது உறைக்கும் (எனக்கு உறைக்கவில்லை, அது வேறு). mama என்று வந்தால் அது சுத்தமான, நன்றாக இஸ்திரி போட்ட வார்த்தை. சந்தேகமே வராது. 'மாமா ஆஸ்பத்திரியில்' என்று படித்துவிட்டு, நல்லா இருந்த மாமாவுக்கு என்ன ஆச்சு என்று அவர் வீட்டுக்கு ஹார்லிக்ஸோடு போவோம். இங்கே ஒரு தடயம் உண்டு. தமிழ் வாக்கியத்துக்கு நடுவே திடீரென்று ஒரு வார்த்தை கேபிடல் எழுத்தோடு நிமிர்ந்து நின்றால், அது அனுப்பியவர் எழுதியதல்ல, போன் எழுதியது என்று பெரும்பாலும் சந்தேகிக்கலாம்.

* * *

இதெல்லாம் செல்போன் வந்து செய்த கலியுக அக்கிரமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி வரை வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், மனைவிக்குக் கண் பார்க்க வந்தவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சார், நம்ம தாத்தாக்களெல்லாம் பனையோலையில இப்படித்தான் எழுதினாங்க. பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம் இருக்கே, போய் ஒரு ஏட்டைப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்ற பயத்தினால் புள்ளியே வைப்பதில்லை. ஆகவே 'கல' என்று இருந்தால் அது கல்லா, கலவா என்று படிப்பவர்தான் முடிவு பண்ண வேண்டும். கால் என்று போடுகிறோமே, அந்தக் குறியும் 'ர' என்ற எழுத்தும் ஏட்டில் ஒரே மாதிரி இருக்கும். குட்டை எகரத்துக்கும் நெட்டை ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகரம் ஓகாரத்துக்கும் அதே கதை. 'கொடு' என்று எழுதியிருப்பது கொடுவாகவும் இருக்கலாம், கோடாகவும் இருக்கலாம். கடற்கரையில் ஜிப்பாவும் தாடியுமாக வீரமாமுனிவர் சிலை இருக்கிறதே, 1968-ல் வைத்தது, அந்த இத்தாலியப் பாதிரியார்தான் 18-ம் நூற்றாண்டில் நெடிலுக்குத் தனிக் கொம்பு போட்டுக் கொடுத்தார் என்பார்கள். பிரசிடென்சி காலேஜ் வாசலில் நிற்கிறாரே உ.வே. சாமிநாதையர், அவர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தது இப்படிப்பட்ட ஏடுகளிலிருந்துதான்.

"அவர் எப்படி சார் கண்டுபிடிச்சார்?" என்று கேட்டேன்.

"ஒரே ஏட்டை நம்ப மாட்டார். ஊர் ஊராப் போய் அதே நூலுக்கு வேற ஏடு தேடுவார். ரெண்டு மூணை ஒப்பிட்டு, உரையையும் பார்த்து, இது இங்க கொடுதான், கோடு இல்லன்னு முடிவு பண்ணுவார். ஓலையை வாசிச்சு முடிக்கிறதுதான் கஷ்டம் சார், அப்புறம்தான் அர்த்தம்."

அப்போதுதான் எனக்கு அந்த சிஸ்டர் செய்தது விளங்கியது. டாக்டரின் குறிப்பில் மெடிசின் என்று எழுதியிருந்ததை அவர் நம்பவில்லை. வேறு ஏடு தேடினார். அந்த ஏடு பச்சை கவுனில் படுத்திருந்தது. அதைவிட முக்கியம், அவர் "சாப்ட்டீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா "இல்லையே" என்று சொல்லியிருப்பாள், பயத்தில். "கடைசியா எப்ப, என்ன?" என்று கேட்டார். அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. இட்லி வெளியே வந்துதான் தீர வேண்டும்.

நான் போட்ட ok-வை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அக்காவுக்கு அது 'சரி, டாக்டரிடம் சொல்கிறேன்'. எனக்கு அது 'சரி, மாத்திரை போட்டாச்சு'. ok-க்குப் பதில் "என்ன மாத்திரை?" என்று ஒரு வார்த்தை தட்டியிருந்தால், "மாத்திரை இல்லடா, இட்லி" என்று ஏழு பன்னிரண்டுக்கே முடிந்திருக்கும்.

துருக்கியில் முடியவில்லை. அவர்கள் மொழியில் புள்ளி வைத்த i, புள்ளி வைக்காத i என்று இரண்டு உயிரெழுத்து உண்டு, இரண்டும் வேறு வேறு. பிரிந்து வாழ்ந்த மனைவிக்குக் கணவன் ஒரு மெசேஜ் அனுப்பினான். பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் பேச்சை மாற்றுகிறாய் என்று அதில் ஒரு குத்தல். அந்தப் போனில் புள்ளியில்லாத i கிடையாது, புள்ளியோடு போயிற்று. போன இடத்தில் அது பச்சைக் கெட்ட வார்த்தையாக இருந்தது. அவள் அப்பாவிடம் காட்டினாள். கைகலப்பு, கத்தி, அவள் செத்தாள், பிறகு சிறையில் அவனும் தற்கொலை. 2008-ல் உலகப் பத்திரிகைகளில் வந்த செய்தி. தலைப்புள்ளி ஒன்றுக்காக இரண்டு பேர்.

* * *

ஆபரேஷனுக்கு மறுநாள் அக்கா போனில் தமிழ் கீபோர்டு போட்டுக் கொடுத்தேன். இங்கிலீஷில் marundhu என்று தட்டினால் மருந்து என்று தமிழில் விழும். பக்கத்திலேயே வேறு இரண்டு மூன்று வார்த்தையும் காட்டும், எது வேண்டுமோ தொட்டுக்கொள்ளலாம். அக்கா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "இதுக்கு முழுசா எழுத வேண்டியிருக்கேடா" என்று குறைப்பட்டுக்கொண்டாள். உயிரெழுத்தைப் போட்டால்தான் அந்தக் கீபோர்டுக்கே புரியும், mrnthu என்று போட்டால் அது 'ம்ர்ந்து' என்று சத்தியாக்கிரகம் பண்ணும். எனக்கு அந்தக் கீபோர்டின் மேல் ஒரு மரியாதை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறதே!

இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். சாப்பாடு, மாத்திரை, பணம், நேரம் இந்த நாலு விஷயத்துக்கு மெசேஜ் கிடையாது, குரல்தான். போனைப் பிடித்து அமுக்கிக்கொண்டு பேசி அனுப்பிவிட வேண்டும். அம்மாவும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். தினம் காலை ஆறரைக்கு, "டேய், இட்லி ரெண்டு சாப்ட்டேன். மறக்கலை" என்று மெயிலாப்பூரிலிருந்து ஒரு குரல் வருகிறது. பின்னணியில் குக்கர் விசில்.

இந்தக் கட்டுரையை முடிக்கிற நேரத்தில் என் தர்மபத்தினியிடமிருந்து ஒரு மெசேஜ்: mama vrnga snday.

என் மாமனாரா, எங்கள் அம்மாவா? 'வர்றாங்க'ளா, நம்மை 'வாங்க' என்று கூப்பிடுகிறார்களா? மாமனார் வருவதாக இருந்தால் ஆட்டுக்கறி வாங்க வேண்டும். அம்மா வருவதாக இருந்தால் அவளுக்கு டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்றிருக்கிறார். நம்மைக் கூப்பிட்டிருந்தால் எதுவும் வாங்க வேண்டாம்.

மூன்று ஏடு தேட நேரமில்லை. போன் பண்ணிவிட்டு வருகிறேன்.